பின்னணியும் வாதமும்: ஒரு முதற் பத்தியை மதிப்பிடுவதில் நான் செய்த பிழை

சென்ற பருவத்தில் டெல்லிக் கல்லூரி ஒன்றில் இரண்டாம் ஆண்டு வரலாற்று மாணவர்களுக்கு டியூட்டோரியல் வகுப்பு எடுத்தேன். "1943ஆம் ஆண்டு வங்காளப் பஞ்சத்திற்கு உணவுப் பற்றாக்குறையே காரணம் என்று கூற முடியுமா?" என்பது நான் கொடுத்த கட்டுரை வினா. எண்ணூறு சொற்களில் எழுதவேண்டும், மதிப்பெண் பத்து. திருத்தித் தந்த மறுநாள் ஒரு மாணவர் தம் கட்டுரையுடன் வந்து நின்றார். அவருக்கு ஐந்து மதிப்பெண் இட்டிருந்தேன். முதற் பத்தியின் ஓரத்தில் "உங்கள் வாதம் எங்கே?" என்று சிவப்பு மையில் எழுதியிருந்தேன். அவர் குறைகூறவில்லை. மூன்றாம் வரியில் விரல் வைத்து, "இது வாதம் இல்லையென்றால் வாதம் என்பது என்ன, சார்?" என்று மட்டும் கேட்டார்.

படித்துப் பார்த்தேன். வாதம் அங்கேதான் இருந்தது. அதே கட்டில் ஏழரை மதிப்பெண் பெற்ற இன்னொரு கட்டுரையை எடுத்து அதன் முதற் பத்தியையும் மீண்டும் படித்தேன். அதில் வாதம் இல்லை. "நல்ல தொடக்கம்" என்று நானே அதன் ஓரத்தில் எழுதியிருந்தேன்.

இந்தப் பிழை எப்படி நேர்ந்தது என்பதைப் பல நாள் யோசித்தேன். இது என் கவனக்குறைவு மட்டுமன்று, கட்டுரை திருத்துவோர் பலரிடமும் உள்ள ஒரு பழக்கம் என்றே இப்போது கருதுகிறேன். அதனால்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன். என் கருத்து இதுதான்: ஒரு முதற் பத்தி வாதத்தைச் சொல்கிறதா, பின்னணியை மட்டும் தருகிறதா என்பதை நாம் பெரும்பாலும் அதன் நடையைக் கொண்டே முடிவு செய்கிறோம். பின்னணியைச் சரளமாக எழுதுபவருக்கு, அவர் சொல்லாத வாதத்தை நாமே நிரப்பிக் கொடுத்துவிடுகிறோம். வாதத்தைத் தட்டுத்தடுமாறி எழுதுபவரிடம், அவர் சொன்னதைக்கூடக் கேட்பதில்லை.

இரு பத்திகளையும் பார்ப்போம். இரண்டும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. எழுதியவர்களின் இசைவுடன், அடையாளம் தெரியாதவாறு சுருக்கித் தமிழில் தருகிறேன். ஏழரை பெற்ற பத்தி இது:

"1943ஆம் ஆண்டு வங்காளப் பஞ்சம் நவீன இந்திய வரலாற்றின் மிகத் துயரமான நிகழ்வுகளுள் ஒன்றாகும். இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், ஜப்பான் பர்மாவைக் கைப்பற்றியதால் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. அதே ஆண்டு அக்டோபரில் மேதினிபூர் மாவட்டத்தைப் பெரும்புயல் தாக்கியது. நெற்பயிரில் நோயும் பரவியது. ஜப்பானியர் கையில் சிக்கிவிடக் கூடாதென்று அரசு கடலோரப் பகுதிகளின் படகுகளை அப்புறப்படுத்தியது. அரிசி விலை கடுமையாக உயர்ந்தது, இலட்சக்கணக்கானோர் மடிந்தனர். இப்பஞ்சத்தின் காரணங்கள் குறித்து அறிஞர்களிடையே கருத்து வேறுபாடுகள் நிலவுகின்றன. இக்கட்டுரை அக்காரணங்களை ஆராய முற்படுகிறது."

இதில் தவறான செய்தி ஒன்றுமில்லை. வாக்கியங்கள் ஒழுங்காக நடக்கின்றன. ஆனால் கேட்ட வினாவுக்கு இதில் விடை இல்லை. பற்றாக்குறைதான் காரணமா, இல்லையா? இதை எழுதியவர் என்ன நினைக்கிறார் என்பது பத்தி முடியும்வரை நமக்குத் தெரிவதில்லை. இறுதி இரண்டு வாக்கியங்கள்தாம் என்னை ஏமாற்றியவை. "கருத்து வேறுபாடுகள் நிலவுகின்றன" என்பது பிறர் சண்டையிடுகிறார்கள் என்ற செய்தி மட்டுமே. அச்சண்டையில் தாம் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதை அது சொல்லவில்லை. "ஆராய முற்படுகிறது" என்பது ஓர் அறிவிப்பு. வண்டி எந்த ஊருக்குப் போகிறது என்று சொல்லாமல் புறப்படப் போகிறது என்று மட்டும் சொல்வதைப் போன்றது அது.

அப்படியானால் ஏழரை ஏன் கொடுத்தேன்? அமர்த்திய சென் 1981இல் வெளியிட்ட 'வறுமையும் பஞ்சங்களும்' என்னும் நூலை நான் பலமுறை படித்திருக்கிறேன், வகுப்பிலும் நடத்தியிருக்கிறேன். உணவு கிடைக்கும் அளவு வேறு, அதைப் பெறுவதற்கு ஒருவருக்கு உள்ள வழி வேறு என்னும் அவருடைய வாதம் என் தலைக்குள் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. விலை உயர்ந்தது, மக்கள் மடிந்தனர் என்று அந்தப் பத்தி அடுத்தடுத்துச் சொன்னபோது, அவ்விரண்டுக்கும் இடையே இருக்கவேண்டிய "ஆகவே"யை நானே இட்டுக்கொண்டேன். வாதம் தாளில் இல்லை, என் மனத்தில் இருந்தது. மதிப்பெண்ணை எனக்கே கொடுத்துக்கொண்டேன் என்று சொன்னாலும் தவறில்லை.

ஐந்து பெற்ற பத்தி இது. பன்னிரண்டாம் வகுப்புவரை இந்தி வழியில் படித்தவர் எழுதியது. மூலத்தின் ஆங்கிலம் இதைவிடக் கரடுமுரடானது.

"கல்கத்தாவில் அரிசி இருந்தது. கிராமத்துக் கூலியாளின் கையில் அதை வாங்கப் பணம் இல்லை. 1941இல் இதைவிடக் குறைவான அரிசிதான் இருந்தது, ஆனால் அப்போது பஞ்சம் வரவில்லை. அதனால் அரிசி குறைந்தது என்ற ஒன்றினால் மட்டும் மக்கள் செத்தார்கள் என்பது சரியில்லை. அரசு நகரத்துத் தொழிற்சாலைக்காரர்களுக்கு முதலில் அரிசி கொடுத்தது, கிராமத்தில் விலை ஏறியது, கூலி ஏறவில்லை. மீனவரும் கூலியாளும் முதலில் செத்தார்கள், குத்தகைக்குப் பயிரிட்டு நெல்லிலேயே பங்கு வாங்கியவர்கள் அவ்வளவு சாகவில்லை."

பஞ்சம் எப்போது நடந்தது, எத்தனை பேர் இறந்தனர், போர் எப்படித் தொடங்கியது என்று இதில் ஒன்றுமில்லை. "இக்கட்டுரை" என்ற சொல்லே இல்லை. முதல் வாக்கியம் திடீரென்று நடுவில் தொடங்குகிறது. இவையெல்லாம் குறைகள்தாம். ஆனால் வினாவுக்கு நேரான விடை இருக்கிறது: பற்றாக்குறை மட்டும் காரணமில்லை. ஏன் என்பதும் இருக்கிறது: இதைவிடக் குறைந்த ஆண்டில் பஞ்சம் வரவில்லை. வேறெது காரணம் என்பதும், அது உண்மையானால் சாவின் கணக்கு எப்படி அமையவேண்டும் என்பதும் இருக்கின்றன. சென் காட்டும் கணக்கும் இதுதான். 1943இல் வங்காளத்தில் கிடைக்கக்கூடிய உணவு அதற்கு முந்தைய ஐந்தாண்டுச் சராசரியைவிட ஏறத்தாழ 5 விழுக்காடே குறைவு. பஞ்சமில்லாத 1941ஐவிட ஏறத்தாழ 13 விழுக்காடு மிகுதி. பணக் கூலியையும் சேவைக் கூலியையும் நம்பிய விவசாயத் தொழிலாளர், மீனவர், படகோட்டிகள், நெல் குற்றுவோர் ஆகியோரே கடுமையாகத் தாக்குண்டனர். தானியமாகவே பங்கு பெற்ற பங்குக் குத்தகையாளர் ஒப்பீட்டளவில் தப்பினர். மாணவர் நூலைப் படித்திருக்கிறார், புரிந்துகொண்டிருக்கிறார், அதைத் தம் விடையாகவும் ஆக்கியிருக்கிறார்.

இனி, இவ்விரண்டையும் நடையின் மயக்கமின்றிப் பிரித்தறிவது எப்படி? நான் இப்போது மூன்று காரியங்களைச் செய்கிறேன்.

முதலாவது, பத்தியின் ஒவ்வொரு வாக்கியத்தையும் எதிர்மறையாக்கிப் பார்ப்பது. அந்த எதிர்மறையை, இதே நூல்களைப் படித்த அறிவுள்ள ஒருவர் உண்மையில் ஏற்றுக்கொள்ளக்கூடுமா? "வங்காளப் பஞ்சம் துயரமான நிகழ்வன்று" என்று யாரும் சொல்லமாட்டார். "1942இல் ஜப்பான் பர்மாவைக் கைப்பற்றவில்லை" என்று சொல்பவர் வாதிடவில்லை, தவறு செய்கிறார். ஏழரைப் பத்தியில் எந்த வாக்கியத்தைப் புரட்டினாலும் எதிரில் நிற்க ஆளில்லை. ஐந்துப் பத்தியில் "பற்றாக்குறையினால் மட்டும் செத்தார்கள் என்பது சரியில்லை" என்பதைப் புரட்டினால் எதிரில் உண்மையான மனிதர்கள் நிற்கிறார்கள். தாவர நோயியலாளர் எஸ். ஒய். பத்மநாபன் 1973இல் எழுதிய கட்டுரையில், 1942இன் நெற்பயிரைத் தாக்கிய பழுப்புப் புள்ளி நோயின் அழிவை நெல் ஆராய்ச்சி நிலையங்களின் விளைச்சல் பதிவுகளிலிருந்து காட்டினார். பீட்டர் பௌப்ரிக், மார்க் டௌகர் போன்றோர் சென் நம்பிய விளைச்சல் புள்ளிவிவரங்களையே ஐயுற்றனர். பற்றாக்குறை உண்மையானது, பெரியது என்றனர். மறுக்கத்தக்கதைச் சொல்வதுதான் வாதம்; மறுப்பதற்கு ஆள் இருப்பதே அதற்கு அடையாளம்.

இச்சோதனையில் ஒரு பள்ளமும் உண்டு. மறுக்கத்தக்கதெல்லாம் அந்தக் கட்டுரைக்குரிய வாதமாகிவிடாது. பஞ்சத்தில் இறந்தோர் தொகையைப் பஞ்ச விசாரணை ஆணையம் ஏறத்தாழ 15 இலட்சம் என்றது. சென் ஏறத்தாழ 30 இலட்சம் என மதிப்பிட்டார். ஒரு மாணவர் முதற் பத்தியில் "இறந்தோர் 30 இலட்சத்துக்குக் குறையார்" என்று உறுதிபட எழுதினால் அது மறுக்கத்தக்க கூற்றுதான். ஆனால் காரணம் எது என்று கேட்ட வினாவுக்கு அது விடையாகாது. இந்தக் கட்டுரையில் அதுவும் பின்னணியே. ஆகவே, மறுக்கத்தக்கதா என்று பார்த்தபின், கேட்டதற்கு விடையா என்றும் பார்க்கவேண்டும்.

இரண்டாவது, எஞ்சிய பக்கங்களை மூடிவைத்துவிட்டு, முதற் பத்தியை மட்டும் கொண்டு அடுத்து என்னென்ன பத்திகள் வரவேண்டும் என்று ஊகிப்பது. ஐந்துப் பத்தியைப் படித்ததும் இவற்றைக் குறித்துக்கொள்ளலாம்: 1941ஐயும் 1943ஐயும் ஒப்பிடும் பத்தி ஒன்று, அரிசி விலையும் கிராமக் கூலியும் விலகிச் சென்றதைக் காட்டும் பத்தி ஒன்று, கல்கத்தாவுக்கு அளிக்கப்பட்ட முன்னுரிமை பற்றி ஒன்று, யார் செத்தார், யார் தப்பினார் என்று தொழில்வாரியாக ஒன்று. புள்ளிவிவரங்களை நம்பலாமா என்ற எதிர்க்கேள்விக்கும் எங்கேனும் இடம் வேண்டும். எவை வரத் தேவையில்லை என்பதும் தெரிகிறது. புயலின் வேகத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுத இங்கே வேலையில்லை. ஏழரைப் பத்தியைக் கொண்டு ஊகித்தால் பர்மா, புயல், பயிர்நோய், படகுகள், விலை என்று ஐந்து தலைப்புகள் கிடைக்கும். அவற்றை எந்த வரிசையில் அடுக்கினாலும் கட்டுரை மாறாது. ஒன்றை எடுத்துவிட்டாலும் மற்றவை விழாது. வரிசையை மாற்றினாலும் ஒன்றும் கெடவில்லை என்றால் அங்கே இருப்பது பட்டியல்.

மூடிய பக்கங்களைத் திறந்து பார்த்தேன். ஏழரைக் கட்டுரை அந்தப் பட்டியலின்படியே நடந்திருந்தது. ஆனால் கடைசிப் பத்தியின் கடைசி வாக்கியத்தில் ஒன்று இருந்தது: "எனவே, அரிசி இல்லாமையைக் காட்டிலும் அதைப் பங்கிட்ட முறையே பஞ்சத்தை உண்டாக்கியது எனலாம்." வாதம் வந்துவிட்டது, ஆனால் கட்டுரை முடிந்தபின் வந்தது. திருத்துவோர் அனைவரும் இதைப் பார்த்திருப்பார்கள். மாணவி எழுதிக்கொண்டே யோசித்திருக்கிறார். எண்ணூறாவது சொல்லில் தம் கருத்தைக் கண்டடைந்திருக்கிறார். அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. நானும் என் ஆய்வேட்டு இயல்களை அப்படித்தான் எழுதுகிறேன். ஆனால் கண்டடைந்தபின் திரும்பிவந்து முதற் பத்தியை மாற்றாமல் விட்டால், வாசிப்பவர் கையில் இருப்பது முதல் வரைவு. அத்தகைய கட்டுரையைத் திருத்தும்போது "வாதம் இல்லை" என்று எழுதுவதும் சரியன்று, "நல்ல தொடக்கம்" என்று எழுதுவதும் சரியன்று. "உங்கள் கடைசி வாக்கியத்தை முதற் பத்திக்குக் கொண்டுவந்து, அதற்குத் தேவையில்லாத பின்னணியை நீக்குங்கள்" என்று எழுதுவதே அவருக்குப் பயன்படும்.

மூன்றாவதுதான் என்னைப் போன்றோரின் பிழைக்கு நேரான மருந்து. முதற் பத்தியைப் படித்தவுடன், மேலே படிக்காமல், ஓரத்தில் ஒரு வாக்கியம் எழுதுகிறேன்: "இக்கட்டுரை சொல்வது இன்னது, ஏனெனில் இன்னது." அந்த வாக்கியத்தை மாணவரின் சொற்களைக் கொண்டே எழுதவேண்டும் என்பது எனக்கு நானே இட்டுக்கொண்ட விதி. ஐந்துப் பத்திக்கு எழுதினால்: "அரிசி குறைந்ததால் மட்டும் மக்கள் சாகவில்லை; ஏனெனில் குறைவாக இருந்த 1941இல் பஞ்சம் வரவில்லை, விலை ஏறியபோது கூலி ஏறவில்லை." ஒரு சொல்லும் என்னுடையதன்று. ஏழரைப் பத்திக்கு எழுத முயன்றபோது, "பங்கீடு", "வாங்கும் சக்தி", "ஆகவே" என்று பத்தியில் இல்லாத சொற்கள் என் பேனாவிலிருந்து வந்தன. எந்தச் சொல்லை நான் வெளியிலிருந்து கொண்டுவருகிறேனோ, அந்தச் சொல்லின் அளவுக்கு அந்த வாதம் என்னுடையது.

இம்மூன்றையும் வைத்துப் பார்த்தால் இன்னொரு போலியும் பிடிபடும். "இக்கட்டுரை வாதிடுவது என்னவெனில்" என்ற தொடரைக் கற்றுக்கொடுத்தால் மாணவர் அதைச் சரியாகவே பயன்படுத்துகிறார்: "வங்காளப் பஞ்சத்தின் காரணங்கள் பலவும் சிக்கலானவையும் ஆகும் என்று இக்கட்டுரை வாதிடுகிறது." வாதத்தின் உடை இருக்கிறது, உடல் இல்லை. பஞ்சத்துக்கு ஒரே எளிய காரணம்தான் என்று சொல்பவர் அத்துறையில் யாரும் இல்லையாதலால், இதை மறுப்பாரும் இல்லை. தொடரைத் தேடி மதிப்பெண் இடுபவர் இங்கே விழுவார்.

ஆனால் "பல காரணங்கள்" என்று நினைப்பவருக்கு வாதமே கிடையாது என்றும் பொருளன்று. அக்காரணங்களுக்கிடையே உள்ள உறவைச் சொன்னால் அது வாதமாகிவிடும். ஏழரைப் பத்தியின் செய்திகளையும், அம்மாணவியின் கடைசி வாக்கியத்தையும் மட்டும் கொண்டு, புதிதாக ஒரு தகவலும் சேர்க்காமல் இப்படி எழுதிப் பார்த்தேன்:

"பர்மா அரிசி நின்றதும், புயலும் பயிர்நோயும் 1942ஆம் ஆண்டு விளைச்சலைத் தாக்கியதும் வங்காளத்தில் அரிசியைக் குறைத்தன. ஆனால் அக்குறைவைப் பஞ்சமாக்கியவை அதன்பின் நடந்தவை. படகுகள் அப்புறப்படுத்தப்பட்டதால், இருந்த அரிசியும் கடலோரக் கிராமங்களுக்குப் போய்ச் சேரவில்லை. உயர்ந்த விலையைக் கொடுக்க இயலாதவர்கள் மடிந்தனர். அரிசி இல்லாமையைக் காட்டிலும் அதைப் பங்கிட்ட முறையே பஞ்சத்தை உண்டாக்கியது."

பர்மாவும் புயலும் இங்கேயும் இருக்கின்றன. முன்பு அவை நடந்த செய்திகளாக நின்றன. இப்போது ஒப்புக்கொள்ளப்பட்டு, எல்லை வகுக்கப்பட்டு, "ஆனால்" என்பதற்கு முன்னால் நிற்கின்றன. பின்னணி தவறானதன்று. வாதத்தைப் புரிந்துகொள்ள இந்த வாக்கியம் வேண்டுமா என்று கேட்டால், வேண்டும் என்று விடை வருகிற பின்னணி இருக்கவேண்டியதுதான். "நவீன இந்திய வரலாற்றின் மிகத் துயரமான நிகழ்வு" என்பது இக்கேள்வியில் உதிர்ந்துவிடுகிறது.

மறுப்புகளுக்கு வருகிறேன். உடன் பணிபுரியும் நண்பர் ஒருவர், "இரண்டாம் ஆண்டு மாணவரிடம் வாதம் வேண்டும் என்று நெருக்கினால், 'பஞ்சத்துக்குச் சர்ச்சில் ஒருவரே காரணம்' என்பதுபோல் ஓங்கிக் கத்தத் தொடங்கிவிடுவார்கள்" என்றார். நியாயமான அச்சம். அந்த வாக்கியம் மறுக்கத்தக்கது, வினாவுக்கு விடையும்கூட. ஆனால் மூடிய பக்கங்களை ஊகித்தால், மேதினிபூர்ப் புயலையும் மாகாண அரசின் செயல்களையும் வணிகர்களின் பதுக்கலையும் அது எப்படிச் சமாளிக்கப்போகிறது என்ற கேள்வி எழும். அதற்கு எண்ணூறு சொற்களில் இடமில்லை. இங்கே இரண்டு மதிப்பீடுகளைப் பிரிக்கவேண்டும். வாதம் தெளிவாக இருக்கிறதா என்பது ஒன்று. அது நிலைநாட்டப்பட்டதா என்பது மற்றொன்று. சர்ச்சில் வாக்கியம் தெளிவானது, தாங்கமுடியாதது. முதற் பத்திக்குரிய மதிப்பெண்ணைக் கொடுத்துவிட்டு, சான்றுக்குரிய மதிப்பெண்ணைக் குறைக்கலாம். இரண்டையும் குழப்பினால், பிழையான வாதம் சொல்வதைவிட வாதமே சொல்லாமல் இருப்பது பாதுகாப்பானது என்று மாணவர் கற்றுக்கொள்வார். இப்போது நடப்பது அதுதான்.

அது எங்கே கற்பிக்கப்படுகிறது என்பதும் தெரிந்ததே. நம் பள்ளித் தேர்வுகளின் விடைக்குறிப்புகள் 'வேல்யூ பாயிண்ட்ஸ்' என்ற முறையில் அமைந்தவை. ஐந்து குறிப்புகள் எழுதினால் ஐந்து மதிப்பெண்; அவற்றுக்கிடையே உறவு சொன்னாலும் சொல்லாவிட்டாலும் மதிப்பெண் மாறாது. பன்னிரண்டு ஆண்டுகள் இப்படி எழுதி வென்றவரிடம், கல்லூரியில் நுழைந்ததும் "விவாதிக்க" என்று வினாத்தாளில் அச்சிடுகிறோம். அந்தச் சொல்லின் பொருள் மாறிவிட்டது என்பதைச் சொல்வதில்லை. ஏழரை பெற்ற மாணவி தவறொன்றும் செய்யவில்லை. தமக்குக் கற்பிக்கப்பட்டதைத் திறம்படச் செய்திருக்கிறார்.

நான் சொல்வதற்கும் எல்லை உண்டு. ஜான் ஸ்வேல்ஸ் 1990இல் ஆய்விதழ்க் கட்டுரைகளின் முன்னுரைகளை ஆராய்ந்து, அவை மூன்று நகர்வுகளாக அமைவதைக் காட்டினார்: களத்தை நிறுவுவது, அதில் உள்ள இடைவெளியைச் சுட்டுவது, அந்த இடத்தைத் தன் ஆய்வால் நிரப்புவது. ஆய்விதழில் முதல் நகர்வே ஒரு பக்கம் நீளலாம்; அதன் முதற் பத்தியை மட்டும் பிய்த்தெடுத்து "வாதம் இல்லை" என்பது அறியாமை. எண்ணூறு சொல் கட்டுரைக்கு ஒரு பத்திதான் முன்னுரை. மூன்று நகர்வும் அதற்குள் நடக்கவேண்டும். ஏழரைப் பத்தி முதல் நகர்வில் தொடங்கி, "கருத்து வேறுபாடுகள்" என்று இரண்டாவதைத் தொட்டு, மூன்றாவதற்குமுன் நின்றுவிட்டது. ஐந்துப் பத்தி முதல் நகர்வைத் தாண்டிக் குதித்து மூன்றாவதில் இறங்கிவிட்டது. முன்னதற்கு ஒரு வாக்கியம் சேர்க்கவேண்டும், பின்னதற்கும் ஒரு வாக்கியம் சேர்க்கவேண்டும். ஆனால் ஆண்டும் இடமும் சொல்லும் வாக்கியத்தைப் பாடநூலிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். வாதத்தைச் சொல்லும் வாக்கியத்தை எழுதுபவர்தான் தரவேண்டும். அதேபோல், "பஞ்சத்தின் போக்கை விவரிக்க" என்று கேட்டுவிட்டு வாதம் இல்லையென்று மதிப்பெண் குறைப்பது நம் பிழை, அவர்களுடையதன்று.

இந்த வேறுபாடு மேற்கிலிருந்து வந்த புதுச்சரக்கு என்று நினைப்போர்க்கு ஒரு நினைவூட்டல். நன்னூல் தன் பாயிரத்தில், நூல் எதைப்பற்றியது என்பதை 'நுதலிய பொருள்' என்ற பெயரால் ஓரிடத்தில் சொல்கிறது. நூலாசிரியன் கொள்ளும் நிலைப்பாடுகளை 'மதம்' என்ற பெயரால் ஏழாக வகுத்து வேறோரிடத்தில் சொல்கிறது. பிறர் கருத்தை உடன்படுவதும் மறுப்பதும், இருவர் மாறுபட்டவிடத்து ஒன்றைத் துணிவதும் அவற்றுள் அடங்கும். பொருள் வேறு, அப்பொருளில் ஒருவர் நிற்கும் இடம் வேறு என்பது இந்தப் பாகுபாட்டிலேயே இருக்கிறது. ஏழரைப் பத்தியில் நுதலிய பொருள் இருந்தது, மதம் இல்லை.

அந்த மாணவரின் மதிப்பெண்ணை ஏழாக மாற்றினேன். ஆண்டும் இடமும் சொல்லாமல் தொடங்கியதற்கும், புள்ளிவிவரங்கள் மீதான ஐயத்தை எதிர்கொள்ளாததற்கும் குறைத்தது குறைத்ததாகவே இருக்கிறது. மாணவியின் ஏழரையைக் குறைக்கவில்லை. நான் கொடுத்த பிழைக்கு அவர் தண்டம் கட்டவேண்டியதில்லை. அவரை அழைத்து, கடைசி வாக்கியத்தைக் காட்டி, அதை முதலில் வைத்து மீண்டும் எழுதிவரச் சொன்னேன். எழுதிவந்தார். படகுகளைப் பற்றிய பத்தி நீண்டிருந்தது. புயலைப் பற்றியது இரண்டு வரியாகச் சுருங்கியிருந்தது. அந்தச் சுருக்கத்தைச் செய்யும்படி நான் சொல்லவில்லை.

கட்டுரை திருத்தும் நண்பர்கள், அடுத்த கட்டைப் பிரிக்கும்போது முதல் ஐந்து தாள்களிலாவது அந்த ஓர வாக்கியத்தை எழுதிப் பாருங்கள். எத்தனை சொற்கள் உங்களுடையவை என்று எண்ணிச் சொன்னால் மகிழ்வேன். என் கட்டில் நான் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே இருந்தன.